தன் சூட்டையே அளக்கும் வெப்பமானி

சுவரில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டி. அதன் முகப்பில் 34 என்று எண் ஒளிர்கிறது. பக்கத்து ஆணியில் தொங்கும் பழைய கண்ணாடி வெப்பமானியோ 30 டிகிரி காட்டுகிறது. மேசை விசிறியை இரண்டையும் பார்க்கத் திருப்பி ஓடவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால், பெட்டியின் எண் 32-க்கு இறங்கியிருக்கிறது. கண்ணாடி வெப்பமானி இருந்த இடத்திலேயே நிற்கிறது. விசிறியை அணைத்தால் பெட்டி மெல்ல மெல்ல மறுபடி 34-க்கு ஏறுகிறது.

எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய இந்தச் சோதனை, நடந்த குற்றத்தைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுகிறது. விசிறி அறையின் காற்றைக் குளிர்விப்பதில்லை, கலக்க மட்டுமே செய்கிறது. நமக்கு அது குளுமையாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள்: தோலின் வியர்வை ஆவியாகிறது, நம் உடம்பும் அறையை விடச் சூடானது. காய்ந்து கிடக்கும் வெப்பமானிக்கு வியர்வை கிடையாது. அது அறையின் வெப்பநிலையிலேயே இருந்தால் எவ்வளவு காற்றடித்தாலும் எண் மாறாது. விசிறிக்கு இறங்குகிற எதுவும், விசிறி வருவதற்கு முன்பே சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருந்தது என்றுதான் பொருள். பெட்டி இத்தனை நேரமும் அறையை அளக்கவில்லை. அறையோடு சேர்த்துத் தன் வயிற்றுச் சூட்டையும் அளந்துகொண்டிருந்தது.

சென்சார் பழுதில்லை. இதுபோன்ற பெட்டிகளில் பரவலாக இருக்கும் டிஎச்டி22 சென்சாரின் பிழை அரை டிகிரி அளவுதான் என்று அதன் தயாரிப்புக் குறிப்பு சொல்கிறது. அது இருக்கும் இடத்தின் வெப்பநிலையை அது சரியாகத்தான் சொல்கிறது. அந்த இடம்தான் தவறான இடம். புதிய சென்சார் வாங்கி மாட்டினாலும் அதே 34 வரும். இரண்டாவது சென்சாரும் அதையே சொல்வதால், கண்ணாடி வெப்பமானிதான் பழசாகிவிட்டது என்று முடிவு கட்டி அதைத் தூக்கிப் போட்டவர்கள்கூட உண்டு.

நான்கு டிகிரி எங்கிருந்து வருகிறது? பெட்டியைத் திறந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பெட்டியின் நீளம் 10 சென்டிமீட்டர், அகலம் 7, ஆழம் 4 என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கிற நோட்எம்சியு போர்டு. இஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை அது. செல்போன் சார்ஜரிலிருந்து 5 வோல்ட் வருகிறது. வைஃபை எப்போதும் விழித்திருந்தால் போர்டு ஏறத்தாழ 80 மில்லியாம்பியர் இழுக்கும். ஐந்தையும் 0.08-ஐயும் பெருக்கினால் 0.4 வாட். அரை வாட் எல்இடி இரவு விளக்கைவிடக் கொஞ்சம் குறைவு.

இந்த 0.4 வாட்டும் எங்கே போகிறது? வைஃபை அலையாக வெளியேறுவது சராசரியாகப் பார்த்தால் மிகச் சொற்பம். மீதி முழுவதும், கடைசித் துளி வரை, வெப்பம். கணிப்பொறிச் சிப் என்பது மின்சாரத்தின் பார்வையில் ஒரு சின்ன ஹீட்டர்தான். கணக்குப் போடுவது அதன் உபதொழில். சிப்புக்கு வேண்டியது 3.3 வோல்ட். வருவதோ 5. இடையிலுள்ள 1.7 வோல்ட்டை ரெகுலேட்டர் என்ற மூன்று கால் சில்லு வெறும் சூடாக மாற்றித் தள்ளுகிறது. மொத்தச் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு சில்லிலிருந்தே வருகிறது. போர்டில் எது அதிகம் சுடுகிறது என்று விரலை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

இனி அந்த வெப்பம் வெளியே போக வேண்டும். அசையாத காற்றில், காற்றோட்டமும் கதிர்வீச்சும் சேர்ந்து, ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 10 வாட் கொண்டுபோகும். பெட்டியின் முதுகு சுவரோடு ஒட்டியிருப்பதால் அதை விட்டுவிடுவோம். முகப்பும் நான்கு பக்கங்களும் சேர்ந்து 206 சதுர சென்டிமீட்டர், அதாவது 0.0206 சதுர மீட்டர்.

```
0.4 / (10 × 0.0206) = 1.9
```

ஆக, 0.4 வாட்டை வெளியேற்றப் பெட்டியின் வெளிச்சுவர் அறையைவிட ஏறத்தாழ 2 டிகிரி சூடாக இருந்தாக வேண்டும். அதோடு முடியவில்லை. உள்ளே இருக்கும் காற்றிலிருந்து அந்தச் சுவருக்கு வெப்பம் வந்து சேரவும் அதேபோல் இன்னொரு தாண்டல் உண்டு. அதற்கும் ஏறத்தாழ 2 டிகிரி. இரண்டும் சேர்ந்தால் 4. துல்லியக் கணக்கு இல்லைதான். ஆனால் பெட்டிக்குள் சென்சார் வைத்தவர்கள் வழக்கமாகப் பார்க்கும் மூன்று முதல் ஐந்து டிகிரிப் பிழையோடு இது சரியாகப் பொருந்துகிறது.

இந்தக் கணக்கு சொல்லும் இன்னொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பிழை, வாட்டோடு நேர்விகிதத்தில் ஏறி இறங்குகிறது. பெட்டிக்குள் ஒரு ரிலேயும் இருக்கிறது என்று வையுங்கள். ஹீட்டரையோ ஏசியையோ போட்டு அணைக்கும் சுவிட்ச் அது. கடைகளில் கிடைக்கும் நீல நிறச் சதுர ரிலேயின் 5 வோல்ட் சுருளுக்கு 70 ஓம் மின்தடை. அது ஒட்டிக்கொண்டிருக்கும் வரை 70 மில்லியாம்பியர் ஓடும், 0.36 வாட். போர்டின் சூட்டுக்குக் கிட்டத்தட்ட சமமான இன்னொரு சூடு. ரிலே ‘டிக்’ என்று ஒட்டினால் பிழை ஏறத் தொடங்குகிறது, விட்டால் இறங்கத் தொடங்குகிறது. எப்போதும் 4 டிகிரி கூட்டிக் காட்டும் கருவியையாவது மனத்துக்குள் கழித்துப் படிக்கலாம். ஒரு மணிக்கு 4, இரண்டு மணிக்கு 7, மூன்று மணிக்கு 5 என்று கூட்டிக் காட்டுவதை என்ன செய்வது?

கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியில் இது விளையாட்டில்லை. உள்ளே விசிறி ஓடும் பொரிப்பானில் வைக்க வேண்டிய வெப்பநிலை 37.5 டிகிரி. கட்டுப்பாட்டு போர்டின் மேலேயே சென்சார் இருந்து அது 2 டிகிரி கூட்டிக் காட்டினால், திரையில் 37.5 வந்ததும் ஹீட்டர் அணைந்துவிடும். முட்டையைச் சுற்றி இருப்பது 35.5. இருபத்தொன்றாம் நாள் வர வேண்டிய குஞ்சு வராது. வந்தாலும் தாமதமாக, சோனியாக வரும். திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் காரணம் கடைசி வரை பிடிபடாது. பொரிப்பான்களுக்கு விற்கும் மலிவு போர்டுகளில் சென்சாரை நீண்ட ஒயரின் நுனியில் தனியாகக் கோர்த்துத் தருவது இதனால்தான். அந்த ஒயரைச் சுருட்டிப் போர்டுக்குப் பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டினால் கொடுத்த வசதியைத் திருப்பிக் கொடுத்த மாதிரி.

கருவிக்குள் எழும் சூட்டை வேண்டுமென்றே பயன்படுத்திக்கொண்ட காலமும் ஒன்று இருந்தது என்பது சுவையான கிளைக்கதை. 1953-இல் அமெரிக்காவில் ஹனிவெல் நிறுவனம் வெளியிட்ட வட்ட வடிவத் தெர்மோஸ்டாட்டுக்குள், வெப்பத்தை உணரும் உலோகச் சுருளின் பக்கத்தில் ஒரு சின்ன மின்தடைக் கம்பி இருந்தது. வீட்டின் உலை எரியும்போது அந்தக் கம்பியும் லேசாகச் சுடும். அதனால் தெர்மோஸ்டாட் அறையைவிடக் கொஞ்சம் முன்னதாகவே ‘போதும்’ என்று முடிவு செய்து உலையை அணைக்கும். உலையில் தங்கிய மிச்சச் சூடு அறையை வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்விடும். எவ்வளவு முந்த வேண்டும் என்பதை ஒரு சிறு நெம்புகோலால் மாற்றிக்கொள்ளலாம். அங்கே பிழை, அளந்து வைக்கப்பட்ட பிழை. நம் பெட்டியில் நடப்பது அதே வேலைதான். யாரும் அளந்து வைக்கவில்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

வெப்பநிலை மட்டும் கெட்டிருந்தால் பரவாயில்லை. ஈரப்பதத்தையும் அது இழுத்துக்கொண்டு போகிறது. காற்றில் உள்ள நீராவி எவ்வளவோ அவ்வளவேதான் பெட்டிக்குள்ளும் இருக்கிறது. ஆனால் சூடான காற்றுக்கு இன்னும் அதிக நீராவி தாங்கும் என்பதால், ஒப்பு ஈரப்பதம் என்ற சதவீதம் குறைந்துவிடுகிறது. வெளியே 30 டிகிரியில் 70 சதவீதம் இருந்தால், 34 டிகிரிக்குச் சூடாகிவிட்ட பெட்டிக்குள் அதே காற்று சுமார் 56 சதவீதம்தான் காட்டும். கடலோர ஊரின் புழுக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சுவரில் 56 என்று படித்தால் நம்ப முடியுமா? ஈரப்பதம் சந்தேகப்படும்படி குறைவாகவும் வெப்பநிலை சந்தேகப்படும்படி அதிகமாகவும் ஒரே நேரத்தில் வந்தால், பெட்டிச் சூடு என்று கிட்டத்தட்ட கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

விசிறிச் சோதனையைவிடத் தெளிவான ஒன்றும் உண்டு. பெட்டியின் மின்சாரத்தை இரவு முழுவதும் அணைத்து வைக்க வேண்டும். காலையில் பெட்டி முழுவதும் அறையின் வெப்பநிலைக்கு வந்திருக்கும். மின்சாரம் கொடுத்த சில நொடிகளில் வரும் முதல் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அறைக்கு மிக நெருக்கமான உண்மை அந்த ஓர் எண்தான். பிறகு ஒரு மணி நேரம், நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணைப் பதிவு செய்தால், முதலில் வேகமாகவும் பிறகு நிதானமாகவும் ஏறி, அரை மணியைத் தாண்டும்போது மட்டமாகும் ஒரு வளைவு கிடைக்கும். முதல் எண்ணுக்கும் மட்டமான எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், அந்தப் பெட்டியின் சொந்தச் சூடு. அந்த ஒரு மணி நேரத்தில் அறையே சூடாகிவிடவில்லை என்று உறுதிசெய்யக் கண்ணாடி வெப்பமானி பக்கத்தில் இருந்தால் போதும்.

இனி பெட்டிக்கு வருவோம்.

வெப்பமானிக்குப் பெட்டி செய்வது புதிய பிரச்சினை கிடையாது. ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன், எழுத்தாளர் ஆர்.எல். ஸ்டீவன்சனின் தந்தை, 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளை வண்ணம் பூசிய, நாலா பக்கமும் சரிவான பலகைச் சட்டங்கள் வைத்த மரப்பெட்டியை வடிவமைத்தார். வானிலை நிலையங்களில் இன்றும் அவர் பெயரால் நிற்கும் பெட்டி அது. வெயில் உள்ளே வரக் கூடாது, காற்று மட்டும் வர வேண்டும். ஸ்டீவன்சனுக்கு எதிரி வெளியே இருந்தது. இன்றைய சுவர்ப்பெட்டிக்கு எதிரி உள்ளேயே குடியிருக்கிறது. அதனால் பெட்டிக்கு நிறைய ஓட்டை போட்டால் சரியாகிவிடும் என்ற முதல் யோசனை பாதிதான் பலிக்கிறது.

சூடான காற்று மேலே போகும். போர்டைச் சுற்றியுள்ள காற்று சூடாகி எழுந்து, மேல் ஓட்டை வழியாக வெளியேற, அந்த இடத்துக்குக் கீழ் ஓட்டை வழியாக அறைக் காற்று வரும். பெட்டி ஒரு சின்னப் புகைபோக்கி ஆகிவிடுகிறது. இதில் சென்சார் எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லாமே. மேல் ஓட்டைக்கு அருகே நல்ல காற்றோட்டம் இருக்கும் என்று நினைத்துச் சென்சாரை அங்கே வைப்பவர்கள் பலர். அது அடுப்படிப் புகைக்கூண்டின் வாயில் மூக்கை வைத்துக்கொண்டு தெருக்காற்றை முகர்ந்து பார்ப்பதற்குச் சமம். சென்சார் இருக்க வேண்டியது கீழே, அறைக் காற்று உள்ளே நுழையும் வாசலில். அப்படி வைத்தால் போர்டின் சூடே அறைக் காற்றைச் சென்சாரின் மேல் இழுத்துவிடும் பம்பாக வேலை செய்யும். அதே போர்டு, அதே சென்சார், அதே பெட்டி. தலைகீழாக மாட்டினால் பிழை பல மடங்கு ஏறும். செங்குத்தாகத் தொங்கவிட வடிவமைத்த பெட்டியை மேசையில் படுக்கவைத்தாலும் இதுவேதான் கதி: மேல் எது, கீழ் எது என்பதே மாறிப்போகிறது.

அடுத்தது தடுப்பு. ஒரே அறைக்குள் சமையலும் படுக்கையும் இருந்தால் சன்னலைத் திறந்தாலும் நெடி போகாது. பெட்டியை உள்ளே ஒரு பிளாஸ்டிக் தகட்டால் இரண்டாகப் பிரிக்க வேண்டும். மேல் அறையில் போர்டு, ரிலே, அடாப்டர். அதற்குத் தனிக் காற்றுத் துளைகள். கீழ் அறையில் சென்சார் மட்டும். அதற்கு மூன்று பக்கமும் திறந்த சாய்வுச் சட்டங்கள். ஒயர் போகும் துளையைப் பசை வைத்து அடைத்துவிட வேண்டும். இந்தத் தகடு இன்னொரு வேலையும் செய்கிறது: சூடான போர்டிலிருந்து நேராகப் பாயும் கதிர்வீச்சு சென்சாரின் மேல் விழாமல் மறைக்கிறது.

இதைவிட எளிய வழி, சென்சாரைப் பெட்டியை விட்டே வெளியேற்றிவிடுவது. பெட்டியின் அடியிலிருந்து பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் ஒயரில் தொங்கவிட்டால் போர்டின் சூடு அதை எட்டவே எட்டாது. பார்க்க அழகாக இருக்காது. கடையில் விற்கும் பொருள்களில் இதைச் செய்யாததற்குக் காரணம் பெரும்பாலும் அழகுதான்.

ஒரே போர்டின் மேல் சிப்பும் சென்சாரும் இருந்தே ஆக வேண்டும் என்றால் கதை கொஞ்சம் நுணுக்கமாகிறது. அங்கே வெப்பம் காற்று வழியாக மட்டும் வருவதில்லை; போர்டுக்குள்ளேயே ஓடி வருகிறது. பச்சை நிறக் கண்ணாடியிழைப் பலகை வெப்பத்தைக் கடத்துவதில் சோம்பேறி. அதன் மேல் படிந்திருக்கும் செம்பு அப்படியில்லை. செம்புப் படலத்தின் தடிமன் வழக்கமாக 35 மைக்ரான், தலைமுடியை விட மெல்லியது. பலகையின் தடிமன் 1.6 மில்லிமீட்டர். ஆனால் செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறன் பலகையைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் என்பதால், ஒரே அகலத்துக்குக் கணக்குப் போட்டால் அந்த முடி போன்ற படலம், தன்னைவிட நாற்பத்தைந்து மடங்கு தடித்த பலகையைக் காட்டிலும் ஏறத்தாழ முப்பது மடங்கு வெப்பத்தைக் கொண்டுபோகிறது. போர்டு வரைபவர்கள் காலியாகக் கிடக்கும் இடத்தையெல்லாம் செம்பால் நிரப்பிவிடுவது வழக்கம். மின்சாரத்துக்கு அது நல்லது. சென்சாருக்கு அது சமையலறையிலிருந்து படுக்கையறைக்குப் போட்ட தேசிய நெடுஞ்சாலை.

அதனால் சென்சாரைச் சுற்றிச் செம்பை நிறுத்திவிட வேண்டும். மெல்லிய நான்கு கம்பித்தடங்கள் மட்டும் போனால் போதும். பத்து மில்லிமீட்டர் அகலச் செம்புக்குப் பதில், கால் மில்லிமீட்டர் அகலத்தில் நான்கு தடங்கள் என்றால், செம்பு வழியே வரும் வெப்பம் பத்தில் ஒன்றாகிவிடும். அதற்கு மேல், சென்சாரைச் சுற்றிப் பலகையிலேயே ‘ப’ வடிவில் ஒரு பிளவு வெட்டுவார்கள். சென்சார் ஒரு தீவில் இருப்பது போலவும், ஒரே ஒரு ஒடுங்கிய பாலம் மட்டும் கரையோடு சேர்ப்பது போலவும் இருக்கும். சுவிட்சர்லாந்தின் சென்சிரியான் போன்ற சென்சார் தயாரிப்பாளர்கள் தங்கள் வடிவமைப்புக் கையேடுகளில் இந்தப் பிளவைப் பரிந்துரைக்கிறார்கள். அறை வெப்பநிலை காட்டும் எந்தக் கருவியையாவது பிரித்துப் பார்க்க நேர்ந்தால் இந்தப் பிளவு இருக்கிறதா என்று தேடலாம். இருந்தால், வடிவமைத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

சுவரின் பங்கையும் சொல்லியாக வேண்டும். சுவருக்குள் பதித்த கன்டியூட் பைப் வழியாக ஒயர் வந்து பெட்டியின் முதுகில் நுழையும் வீடுகளில், அந்தப் பைப் மறுமுனையில் மொட்டை மாடி வெயிலிலோ ஏசி அறையிலோ திறந்திருக்கும். அங்கிருந்து வரும் காற்று சென்சாரின் மேல் நேராக ஊதும். போர்டின் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை; ஆனால் வெளிப்படும் அறிகுறி ஒன்றுதான். பைப்பின் வாயைப் புட்டி வைத்து அடைத்துவிட்டுத்தான் மற்ற சோதனைகளைச் செய்ய வேண்டும்.

கீழே சென்சார், மேலே போர்டு என்ற விதி பலிக்காத ஓர் இடமும் இருக்கிறது. அது பூமிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் மேலே. 2015 டிசம்பரில் இரண்டு ராஸ்பெரி பை கணினிகள் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போயின. பிரிட்டிஷ் விண்வெளி வீரர் டிம் பீக்கின் பயணத்தையொட்டி, பள்ளி மாணவர்கள் எழுதிய நிரல்களை அங்கே ஓட்டுவதற்கான ஆஸ்ட்ரோ பை திட்டம் அது. ஒவ்வொரு கணினியின் தலையிலும் சென்ஸ் ஹேட் என்ற தட்டு உட்கார்ந்திருந்தது. வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் எல்லாம் அளக்கும் சென்சார்கள் அந்தத் தட்டில் இருக்கின்றன. தட்டுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் சொச்சத் தூரத்தில் கணினியின் செயலி. பூமியிலேயே, மேசையின் மேல் வைத்துச் சென்ஸ் ஹேட்டைப் படித்தால் அது அறையைவிடப் பல டிகிரி கூடுதலாகக் காட்டும். இதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு மாணவரும் முதல் நாளிலேயே கண்டுபிடித்துவிடுகிற விஷயம்.

விண்வெளியில் எடையின்மை காரணமாகச் சூடான காற்று மேலே எழாது. அங்கே ‘மேலே’ என்பதே கிடையாது. விசிறி கலக்காவிட்டால் சூடான காற்று சிப்பைச் சுற்றி ஒரு போர்வை போல அப்படியே தங்கிவிடும். எனவே ஆஸ்ட்ரோ பையின் கூட்டை அலுமினியத்தில் கடைந்து, மடிப்பு மடிப்பாகத் துடுப்புகள் வைத்து, கூடு முழுவதையுமே ஒரு பெரிய வெப்பப் பரப்பியாக்கினார்கள். வீரர்கள் தொட்டால் சுடக் கூடாது என்பதற்காக வெளிப்பரப்பு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது என்ற விதியும் இருந்தது. செயலிக்கு இது நல்ல ஏற்பாடு. அறையின் வெப்பநிலையைத் தனியாக அளக்க நினைக்கும் சென்சாருக்கு, அதே சூட்டில் திளைக்கும் கூட்டுக்குள் ஒளிய இடமில்லை.

சென்ஸ் ஹேட்டைப் பூமியில் பயன்படுத்துபவர்கள் இரண்டு வழிகளில் தப்பிக்கிறார்கள். ஒன்று, தட்டை நாடா ஒயரால் கணினியிலிருந்து தள்ளி வைப்பது. மற்றொன்று, நிரலுக்குள் கழித்துக்கொள்வது:

```
t = sense.get_temperature()
t_real = t - (t_cpu - t) / k
```

இங்கே `t_cpu` என்பது செயலியின் வெப்பநிலை. `vcgencmd measure_temp` என்று தட்டினால் கணினியே அதைச் சொல்லிவிடும். செயலி சென்சாரைவிட எவ்வளவு சூடாக இருக்கிறதோ, அதில் ஒரு பங்கு சென்சாரின் மேல் ஏறியிருக்கிறது என்பது கருத்து. அந்தப் பங்கைச் சொல்லும் `k` எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. நல்ல வெப்பமானியைப் பக்கத்தில் வைத்து, தன் கணினிக்கும் தன் பெட்டிக்கும் தானே கண்டுபிடிக்க வேண்டும். எங்கோ யாரோ பயன்படுத்திய `k`-வை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டு எண் பொருத்தமாக வரவில்லை என்று குழம்புவது வாடிக்கை. பெட்டியின் மூடியைக் கழற்றினால் `k` மாறும். அறையில் விசிறி போட்டால் மாறும். செயலி திடீரென்று கனமான வேலையைத் தொடங்கினால் அதன் வெப்பநிலை நொடிகளில் ஏறிவிடும். சென்சார் அருகே சூடு வந்து சேர நிமிடங்கள் ஆகும். அந்த இடைவெளியில் நிரல் வராத சூட்டைக் கழித்து, அறை குளிர்ந்துவிட்டதாகச் சொல்லும். நிலையாக ஓடும் கருவியில் கழித்தல் கணக்கு ஒப்பேறும். ரிலே போட்டு அணைக்கிற கருவியில் அது நம்பிக்கைத் துரோகம் செய்யும்.

கழிப்பதைவிடச் சூட்டையே உண்டாக்காமல் இருப்பது மேல். நம் சுவர்ப்பெட்டி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணை அனுப்பினால் போதும் என்றால், மீதி நேரம் அது தூங்கலாம். இஎஸ்பி8266-இல் `ESP.deepSleep(300e6)` என்று ஒரு வரி எழுதினால் 300 நொடி ஆழ்ந்து தூங்கும். எழுப்பிவிட D0 முனையை RST முனையோடு ஒரு ஒயரால் இணைக்க வேண்டும். விழித்ததும் வைஃபையை எழுப்புவதற்கு முன்பே சென்சாரைப் படித்துவிட வேண்டும் என்பது முக்கியம். 300 நொடியில் 5 நொடி மட்டும் விழித்திருந்தால் சராசரிச் சூடு 0.4 வாட்டிலிருந்து 0.007 வாட்டுக்கு விழுகிறது. நம் கணக்குப்படி பிழை 4 டிகிரியிலிருந்து ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே.

தாளில் அப்படி. நடைமுறையில் சிப் தூங்கினாலும் அதைச் சுற்றியுள்ள போர்டு தூங்குவதில்லை. ரெகுலேட்டரும், யுஎஸ்பி சிப்பும், சில போர்டுகளில் விடாமல் எரியும் சிவப்பு விளக்கும் சேர்ந்து சில மில்லியாம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும். ஐந்து மில்லியாம்பியர் என்று வைத்தால் 0.025 வாட், கால் டிகிரிப் பிழை. விளக்கைச் சால்டர் இரும்பால் எடுத்துவிடுபவர்கள் உண்டு. ரிலேயை இழுத்துப் பிடித்திருக்க வேண்டிய கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தூக்கம் என்ற வசதியே கிடையாது. அதற்கு மேலே சொன்ன தடுப்பும், கீழே தொங்கும் சென்சாரும்தான் கதி.

அந்த முதல் பெட்டியை இப்படி மாற்றிப் பார்க்கலாம். போர்டும் சார்ஜரிலிருந்து வரும் ஒயரும் மேல் பாதியில், நடுவில் தகடு, சென்சார் அடிவாசலில் மூன்று பக்கமும் திறந்த கூண்டில், சுவர்ப் பைப்பின் வாயில் புட்டி. வைஃபையை விடாமல் ஓடவிட்டே இரவு முழுவதும் அணைத்து வைத்த அதே சோதனையை மறுபடி செய்தால், முதல் எண்ணுக்கும் ஒரு மணி கழித்து வரும் எண்ணுக்கும் இடையே அரை டிகிரி அளவு வித்தியாசம்தான் மிஞ்ச வேண்டும். அது டிஎச்டி22-க்கே உள்ள பிழையின் அளவு. அதற்குக் கீழே இறங்க வேண்டுமானால் பெட்டியில் செய்ய வேண்டிய வேலை ஏறத்தாழ முடிந்துவிட்டது. இனி மாற்ற வேண்டியது சென்சாரைத்தான்.